திருத்திய ஆடைப் படத்திலிருந்து மூலப் படத்துக்கு: எக்ஸிஃப்டூலும் நாலு வரிக் குறிப்பும்

ஆன்லைன் கடைகளுக்கு ஆடைப் படங்களைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. முடித்த படம் எந்த மூலப் படத்திலிருந்து வந்தது என்று தேடிப் பிடிக்க, படக் கோப்புக்குள் தகவல்களை எழுதவும் படிக்கவும் உதவும் எக்ஸிஃப்டூல் என்ற இலவசக் கருவியைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பட்டனும் மெனுவும் கிடையாது, கட்டளை தட்டித்தான் ஓட்ட வேண்டும். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

ஆடைப் படத்தில் இந்தத் தேடல் ஏன் சிக்கலாகிறது என்றால், மேனிக்வின் தெரியாமல் சட்டை மட்டும் தானாக நிற்பது போன்ற படத்துக்குக் குறைந்தது இரண்டு ஷாட் தேவை. சட்டையை மேனிக்வினில் மாட்டி முன்பக்கம் எடுத்தது ஒன்று. மேனிக்வின் மறைத்த உள்கழுத்தும் லேபிளும் தெரிகிற மாதிரி தனியாக எடுத்தது இன்னொன்று. இரண்டையும் ஒட்டித்தான் முழுச் சட்டை வருகிறது. அதோடு, நீலச் சட்டையை மட்டும் படமெடுத்துப் பச்சையையும் மெரூனையும் கணினியில் நிறம் மாற்றி உருவாக்குவதும் வழக்கம். அப்போது ஒரே மூலத்திலிருந்து பல படங்கள் கிளைக்கும். கேமராவின் நாலு இலக்க எண் 9999-க்குப் பிறகு மறுபடி 0001-க்கு வந்துவிடுவதால், அந்த எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. அதனால் கணினியில் ஏற்றும்போதே எண்ணுக்கு முன்னால் தேதியைச் சேர்த்துவிடுகிறேன்.

லேயர்களோடு இருக்கும் மாஸ்டர் கோப்புக்குள் இரண்டு விஷயங்களை எழுதி வைக்கிறேன். ஒன்று, மூலப் படங்களின் பெயர்கள்:

```
exiftool -XMP-dc:Source="20240312_4821.CR3 + 20240312_4827.CR3" SH014_GRN_F.tif
```

இன்னொன்று திருத்தக் குறிப்பு. விண்டோஸில் தமிழைக் கட்டளைக்குள் நேரடியாகத் தட்டினால் பல நேரம் கேள்விக்குறிகளாகிவிடும். அதனால் நோட்பேடில் எழுதி UTF-8 ஆகச் சேமித்து, கோப்பிலிருந்தே ஏற்றுவேன்:

```
exiftool "-XMP-photoshop:Instructions<=note.txt" SH014_GRN_F.tif
```

நாலு வரிக்கு மேல் எழுதுவதில்லை. இந்தப் பச்சைச் சட்டைக்கு எழுதியது:

```
உடல் 4821, உள்கழுத்து 4827.
நீலம் -> பச்சை: உடல் லேயர், ஹியூ -75.
ஒப்பிட்டது: கடைக்காரர் அனுப்பிய பச்சைத் துணித் துண்டு.
கழுத்து நாடா மாற்றவில்லை; எல்லா நிறத்துக்கும் அதே நீல நாடாதான் என்றார்.
```

கடைசி வரிதான் பின்னால் கைகொடுத்தது. மாதங்கள் கழித்து அதே கடையிலிருந்து புதிதாக வந்தவர் ஒருவர் கேட்டார்: "இந்தப் பச்சைச் சட்டையில கழுத்துக்குள்ள நீலம் தெரியுதே, கலர் மாத்தும்போது விட்டுட்டீங்களா?" இணையத்தில் இருக்கும் படத்தில் குறிப்பு எதுவும் இல்லை. ஆனால் கோப்புப் பெயரிலிருந்த SH014_GRN மாஸ்டரைக் காட்டிக் கொடுத்தது, மாஸ்டருக்குள் இரண்டு மூலங்களின் பெயரும் இருந்தன. 4827-ஐத் திறந்தால், உள்ளே தைத்த நாடா சட்டைத் துணியைவிட வெளிர் நீலமாகத் தனித்துத் தெரிகிறது. குறிப்பையும் அந்த மூலத்தையும் சேர்த்து அனுப்பியதும் பேச்சு முடிந்தது. மெரூன் படத்துக்கும் இதே கேள்வி வரும் என்பதால், அதே கழுத்து ஷாட்டிலிருந்து வந்தவை எவை என்று அப்போதே பார்த்து வைத்தேன் (விண்டோஸில் ஒற்றை மேற்கோளுக்குப் பதில் இரட்டை மேற்கோள் போட வேண்டும்):

```
exiftool -r -if '$XMP:Source =~ /20240312_4827/' -FileName masters
```

ஃபோட்டோஷாப்பின் ஹிஸ்டரி லாக்கையும் கொஞ்ச காலம் போட்டுப் பார்த்தேன். 'டீடெய்ல்டு' வைத்தால் ஒவ்வொரு அசைவையும் எழுதித் தள்ளுகிறது. நாடாவை ஏன் தொடவில்லை என்பது மட்டும் அதில் இருக்காது. செய்யாமல் விட்டதை அது எப்படிப் பதியும்? அணைத்துவிட்டேன்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. வலைக்காக ஏற்றுமதி செய்யும்போது இந்தத் தகவல்கள் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மெசேஜிங் செயலியில் போட்டோவாக அனுப்பினாலும் அப்படியே. அதில் எனக்கு வருத்தமில்லை, கடைக்காரர் சொன்னதெல்லாம் வாங்குபவருக்குத் தெரிய வேண்டியதில்லையே. மாஸ்டரில் இருந்தால் போதும், கோப்புப் பெயரில் பொருளின் குறியீடு இருந்தால் போதும். எக்ஸிஃப்டூல் ஒரு கோப்பில் முதல் முறை எழுதும்போது, பழைய கோப்பைப் பெயரின் கடைசியில் _original சேர்த்துப் பக்கத்திலேயே விட்டுவைக்கும். பெரிய மாஸ்டர்கள் என்றால் டிஸ்க் சீக்கிரம் நிரம்பிவிடும். தனியாக பேக்கப் இருப்பவர்கள் `-overwrite_original` சேர்த்துக்கொள்ளலாம்.

உண்மையில் உஷாராக இருக்க வேண்டியது வேறிடத்தில். பழைய மாஸ்டரைத் திறந்து, உள்ளே புதுச் சட்டையை வைத்து, 'சேவ் ஆஸ்' கொடுத்தால் பழைய சட்டையின் மூலப் பெயர் அப்படியே தங்கிவிடும். மாறாக, லேயரை இழுத்துப் புதுக் கோப்பில் போட்டால் மூலப் பெயர் கூடவே வராது. வெற்றிடத்தைவிடத் தப்பான பெயர்தான் மோசம், பார்த்தால் சரியாக இருப்பது போலவே இருக்கும். அதனால் ஒவ்வொரு தொகுப்பையும் ஒப்படைக்கும் முன் இதை ஓட்டுகிறேன்:

```
exiftool -T -FileName -XMP:Source masters
```

பெயர் ஒரு பக்கம், மூலம் ஒரு பக்கம் என்று பட்டியல் வரும். மூலம் இல்லாத இடத்தில் சிறு கோடு நிற்கும். SH031 வரிசையின் நடுவே SH014 ஷூட்டின் தேதி எட்டிப் பார்த்தால், அந்தக் கோப்பு பழைய மாஸ்டரின் மேல் சேமித்தது. திறந்து மூலத்தைத் திருத்திய பிறகே அனுப்புவேன்.