மனோவாவுக்குப் பிறகு: திருத்தாமல் விடுவதா, போன்ஃபெரோனியா, ஹோல்மா?

என் ஆய்வில் மூன்று குழுக்கள், நான்கு அளவீடுகள். மனோவா போட்டேன், குழுக்களுக்கிடையே வேறுபாடு இருக்கிறது என்று வந்தது. அடுத்து ஒவ்வோர் அளவீட்டுக்கும் தனியாக அனோவா. நான்கு பி மதிப்புகள் கைக்கு வந்தன. அவற்றை எப்படி எழுதுவது என்பதில்தான் மூன்று வழிகள் நின்றன: அப்படியே எழுதுவது, போன்ஃபெரோனி முறையில் திருத்துவது, ஹோல்ம் முறையில் திருத்துவது. முதல் வரைவை நான் திருத்தாமலேதான் எழுதினேன். இப்போது ஹோல்ம் முறையைத் தவிர வேறெதையும் எடுப்பதில்லை. அந்த மாற்றம் ஏன் வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

என் தரவை இங்கே கொடுக்க முடியாது என்பதால், அதே அமைப்பில் எண்களை நானே வைத்து ஓர் எடுத்துக்காட்டு. தியானப் பயிற்சி பெற்ற குழு, உடற்பயிற்சிக் குழு, காத்திருப்புக் குழு. குழுவுக்கு 20 பேர், மொத்தம் 60 பேர். அளவீடுகள் மன அழுத்தம், தூக்கம், கவனம், பதற்றம். மனோவாவில் பிள்ளை டிரேஸ் 0.32, அதாவது F(8, 110) = 2.62, p = 0.011. தனி அனோவாக்களின் பி மதிப்புகள் மன அழுத்தத்துக்கு 0.004, தூக்கத்துக்கு 0.015, கவனத்துக்கு 0.031, பதற்றத்துக்கு 0.40.

திருத்தாமல் எழுதினால் மூன்று அளவீடுகளில் வேறுபாடு உண்டு என்று சொல்வோம். போன்ஃபெரோனியில் ஒன்றுதான் தேறும். ஹோல்மில் இரண்டு. தரவு ஒன்றுதான், ஆனால் மூன்று வெவ்வேறு முடிவுரைகள் எழுதலாம். அதனால்தான் இந்தத் தேர்வை அறிக்கையின் ஓரத்தில் தள்ளிவிட முடியாது.

மனோவாவுக்கு எந்தப் புள்ளிமத்தைக் கொடுப்பது என்ற கேள்வியில் அதிக நேரம் செலவிட வேண்டாம். வில்க்ஸ் லாம்டாவைப் பலரும் கொடுக்கிறார்கள். குழுக்களின் மாறுபாடுகள் ஒத்துப்போகாத இடத்தில் பிள்ளை டிரேஸ் கொஞ்சம் தாங்கும், அதுவும் குழுக்கள் சம அளவில் இருந்தால் நன்றாகவே தாங்கும். அதனால் நான் அதைக் கொடுக்கிறேன். அந்த ஒத்துப்போதலைப் பார்க்கும் பாக்ஸ் எம் சோதனை சின்ன விலகலுக்கும் பதறிவிடும் என்பதால் அதை 0.001 என்ற எல்லையில் பார்ப்பது வழக்கம். அவ்வளவு போதும்.

இப்போது முக்கியமான இடம். திருத்தாமல் விடுபவர்கள் சொல்லும் காரணம் கேட்க நியாயமாகவே இருக்கும்: “மனோவா என்ற வாசலைத் தாண்டித்தானே உள்ளே வந்தோம்? அந்த வாசலே தவறான முடிவுகளைத் தடுத்துவிடும். மறுபடியும் ஒரு திருத்தம் எதற்கு?” நானும் இதை நம்பித்தான் முதல் வரைவை எழுதினேன். படித்த மூத்த ஆய்வாளர் ஒருவர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: “மன அழுத்தத்தில் மட்டும் உண்மையிலேயே வேறுபாடு இருந்தால் இந்த வாசல் மற்ற மூன்றுக்கும் என்ன செய்யும்?”

அதை யோசித்துப் பார்த்தால் வாதம் அங்கேயே உடைகிறது. நான்கு அளவீட்டிலும் வேறுபாடே இல்லை என்ற நிலையில் வாசல் தன் வேலையைச் செய்கிறது. நூற்றுக்கு ஐந்து முறைதான் தவறாகத் திறக்கும். ஆனால் மன அழுத்தத்தில் பெரிய, உண்மையான வேறுபாடு இருக்கிறது, மற்ற மூன்றிலும் எதுவுமே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது மன அழுத்தமே வாசலைத் திறந்துவிடும், ஏறக்குறைய ஒவ்வொரு முறையும். திறந்த வாசல் வழியே மற்ற மூன்றும் எந்தக் காவலும் இல்லாமல் 0.05 என்ற எல்லையில் உள்ளே வருகின்றன. அவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை என்றால், மூன்றில் ஒன்றாவது தற்செயலாகக் ‘குறிப்பிடத்தக்கது’ ஆகும் வாய்ப்பு இது:

```
1 - 0.95^3 = 0.143
```

நூற்றுக்கு ஐந்து என்று வாசகருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நூற்றுக்குப் பதினான்கில் நிற்கிறோம். அளவீடுகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவையாக இருந்தால் இது குறையும், ஆனால் ஐந்துக்கு இறங்கிவிடாது. அளவீடுகள் கூடக் கூட நிலைமை மோசமாகும். இதில் எனக்கு உறுத்தியது வேறொன்றும் உண்டு. ஏதோ ஓர் அளவீட்டிலாவது உண்மையான வேறுபாடு இருக்கும் என்று நினைத்துத்தானே ஆய்வையே தொடங்குகிறோம்? அப்படியானால் வாசல் காப்பாற்றத் தவறும் நிலைதான் நம் ஆய்வுகளின் வழக்கமான நிலை. அதோடு திருத்தாத வழி எனக்கு முடிந்துபோனது.

போன்ஃபெரோனி எளிமையானது. 0.05 ஐ நான்கால் வகுத்து 0.0125 என்ற எல்லையை எல்லா அளவீட்டுக்கும் வைக்கிறோம். அளவீடுகள் எப்படித் தொடர்புபட்டிருந்தாலும் செல்லும். ஒரே வரியில் விளக்கிவிடலாம். ஆனால் தூக்கத்தின் 0.015 இங்கே விழுந்துவிடுகிறது. ஹோல்ம் 1979 இல் கொடுத்த வழி அதே பாதுகாப்பை, கூடுதல் நிபந்தனை எதுவுமின்றித் தருகிறது. போன்ஃபெரோனியில் தேறிய எதுவும் ஹோல்மில் தோற்காது. சில சமயம் கூடுதலாக ஒன்று தேறும்.

செய்வது இப்படி. பி மதிப்புகளைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். முதலாவதை நான்கால் பெருக்கினால் 0.016, தேறியது. மன அழுத்தத்தில் வேறுபாடு உண்டு என்று முடிவாகிவிட்டதால், தவறாகச் சிக்கக்கூடியவை இனி மூன்றுதான். அதனால் 0.015 ஐ மூன்றால் பெருக்குகிறோம்: 0.045, தேறியது. அடுத்து 0.031 ஐ இரண்டால் பெருக்கினால் 0.062. தேறவில்லை, அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு வருபவை தானாகவே தேறாதவை. இடையில் பெருக்கி வந்த எண் முந்தையதைவிடச் சிறியதாக வந்தால் முந்தையதையே இதற்கும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆர் மென்பொருளில் முழுதும் நான்கு வரிதான்:

```
fit <- manova(cbind(y1, y2, y3, y4) ~ group, data = d)
summary(fit, test = "Pillai")
summary.aov(fit)
p.adjust(c(0.004, 0.015, 0.031, 0.40), method = "holm")
```

ஹோல்முக்கு ஒரு குறை உண்டு. போன்ஃபெரோனி என்றால் ஒவ்வோர் இடைவெளியையும் 95 விழுக்காட்டுக்குப் பதில் 98.75 விழுக்காட்டில் கொடுத்தால் முடிவும் இடைவெளியும் ஒத்துப்போகும். ஹோல்முக்கு அப்படி எளிதான இடைவெளி கிடையாது. நம்பக இடைவெளிகளே அறிக்கையின் உயிர் என்றால் போன்ஃபெரோனியை எடுப்பவரோடு நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

எந்தத் திருத்தத்தை எடுத்தாலும் ஒரு குழி இருக்கிறது. நானே அதில் விழுந்திருக்கிறேன். எஸ்பிஎஸ்எஸ் பட்டியலில் ‘போன்ஃபெரோனி’ என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைத் தட்டிவிட்டுத் திருத்தம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் தெரிவு திருத்துவது ஓர் அளவீட்டுக்குள் குழுக்களை இரண்டிரண்டாக ஒப்பிடும் சோதனைகளை. மூன்று குழுவுக்கு மூன்று ஒப்பீடு, அதனால் அது மூன்றால் பெருக்குகிறது. நான்கு அளவீடுகளுக்கான திருத்தம் அங்கே நடப்பதே இல்லை. அனோவா அட்டவணையில் உள்ள பி மதிப்புகள் பச்சையாகவே வருகின்றன. அடுத்தவர் அறிக்கையில் இதைக் கண்டுபிடிப்பதும் எளிது: “போன்ஃபெரோனி திருத்தம் செய்தோம்” என்று எழுதியிருப்பார்கள், ஆனால் நான்கு அளவீடு உள்ள அட்டவணையில் 0.031 க்கு நட்சத்திரம் போட்டிருக்கும். இரண்டு அடுக்கும் வேறு வேறு என்பதை எழுத்தில் காட்ட வேண்டும்: அளவீடுகளுக்கு ஹோல்ம், தேறிய அளவீட்டுக்குள் குழு இணைகளுக்கு டூக்கி என்று.

எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். பதற்றத்தில் எதுவும் வரவில்லை என்று பார்த்த பிறகு அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மூன்று அளவீடு என்று கணக்கிட்டால், போன்ஃபெரோனியில் 0.031 இன்னும் தேறாதுதான், ஆனால் தூக்கம் 0.045 ஆகித் தேறிவிடும். ஹோல்மிலோ 0.031 கூடத் தேறிவிடும். எத்தனை அளவீடு என்பது தரவைப் பார்ப்பதற்கு முன்பே முடிவான எண்ணாக இருக்க வேண்டும்.

சரி, ஹோல்மே பாதுகாப்புத் தருகிறது என்றால் மனோவா எதற்கு? பிழையைக் கட்டுப்படுத்த அது தேவையில்லை என்பதுதான் நேர்மையான பதில். நான்கையும் சேர்த்துப் பார்த்தால் குழுக்கள் வேறுபடுகின்றனவா என்பதே உங்கள் கேள்வி என்றால் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வி தனித்தனி அளவீடுகளைப் பற்றியது மட்டும் என்றால் அனோவாக்களும் ஹோல்மும் போதும். மனோவாவுக்குப் பின் பிரித்தறி பகுப்பாய்வு செய்வது கோட்பாட்டில் இன்னும் பொருத்தம், ஏனென்றால் அளவீடுகளுக்கிடையே உள்ள தொடர்பைத் தனி அனோவாக்கள் பார்ப்பதே இல்லை. நான் அதை இரண்டு முறைதான் முயன்றிருக்கிறேன். சில பேரை நீக்கினாலே கெழுக்கள் இடம் மாறின. சிறிய தரவில் பார்த்த அனுபவம் அது, அதை வைத்து முறையையே குறை சொல்ல மாட்டேன். குழுக்களுக்குள் அளவீடுகளின் தொடர்பு அட்டவணையை மட்டும் எப்போதும் சேர்த்துவிடுகிறேன்.

எழுதும்போது பச்சை மதிப்பு, திருத்திய மதிப்பு இரண்டையும் கொடுங்கள். போன்ஃபெரோனியை விரும்பும் வாசகர் தானே நான்கால் பெருக்கிப் பார்த்துக்கொள்வார். என் பத்தி இப்படிப் போகும்:

“மூன்று குழுக்களும் நான்கு அளவீடுகளின் தொகுப்பில் வேறுபட்டன, பிள்ளை டிரேஸ் = 0.32, F(8, 110) = 2.62, p = 0.011. தொடர் அனோவாக்களின் பி மதிப்புகள் நான்கு அளவீடுகளுக்கும் சேர்த்து ஹோல்ம் முறையில் திருத்தப்பட்டன. மன அழுத்தத்திலும் (F(2, 57) = 6.09, p = 0.004, திருத்தியது 0.016, பகுதி ஈட்டா வர்க்கம் 0.18) தூக்கத்திலும் (F(2, 57) = 4.52, p = 0.015, திருத்தியது 0.045, பகுதி ஈட்டா வர்க்கம் 0.14) குழுக்கள் வேறுபட்டன. கவனத்தில் வேறுபாடு திருத்தத்துக்குப் பின் நிலைக்கவில்லை (F(2, 57) = 3.69, p = 0.031, திருத்தியது 0.062, பகுதி ஈட்டா வர்க்கம் 0.11). பதற்றத்தில் வேறுபாட்டுக்குச் சான்று கிடைக்கவில்லை (F(2, 57) = 0.93, p = 0.40, திருத்தியது 0.40, பகுதி ஈட்டா வர்க்கம் 0.03).”

கவனத்தைப் பற்றிய அந்த வரியில்தான் கை தடுமாறும். ‘கிட்டத்தட்டக் குறிப்பிடத்தக்கது’ என்று எழுத ஆசை வரும். நான் விளைவளவை மட்டும் எழுதிவிட்டு, இதை அடுத்த ஆய்வில் முதன்மை அளவீடாக வைத்துச் சோதிக்கலாம் என்று ஒரு வரி சேர்க்கிறேன். அங்கே அது ஒன்றுதான் சோதனை என்பதால் நான்கால் வகுக்கும் சுமை இருக்காது.