வீட்டுக்குப் படிவம், கடைக்கு எண்

அனுப்பர்பாளையத்தில் எங்களுக்கு ஒரு கட்டடம். கீழே சாலையைப் பார்த்த கடை, மேலே இரண்டு படுக்கையறை வீடு. இரண்டும் ஒரே மாதத்தில் காலியாயின. டூ-லெட் பலகை மாட்டியதோடு நிற்காமல், அக்காள் மகன் வைத்திருக்கும் சொந்த இணையப் பக்கத்திலும் போடலாம் என்று உட்கார்ந்தோம். படம் எடுத்தாயிற்று, வாடகையும் எழுதியாயிற்று. எப்படித் தொடர்புகொள்ளச் சொல்வது என்பதில்தான் மாமனும் மருமகனும் மோதிக்கொண்டோம். நான் தொலைபேசி எண்ணைப் பெரிதாகப் போடு என்றேன். அவன் வாட்ஸ்அப் இணைப்பு போதும் என்றான். அக்காள் வந்து, முதலில் ஒரு படிவம் நிரப்பச் சொல்லுங்கள் என்றாள். கடைசியில் மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டோம்.

எண்ணை அப்படியே போட்டால் அழைப்புக்குக் குறைவில்லை. ஆனால் முதல் நான்கு நாளில் வந்தவற்றில் பாதிக்கு மேல் தரகர்கள். மீதிப் பேர் வாடகையும் அட்வான்ஸும் எவ்வளவு என்று கேட்டார்கள்; அவை எண்ணுக்கு மேல் வரியிலேயே இருந்தன. ஒருவர் மட்டும் எதையும் விசாரிக்கவில்லை. விமானப்படையில் இருப்பதாகவும், மாற்றலாகி வருவதாகவும், வீட்டைப் பார்க்கவே வேண்டாம், அட்வான்ஸை இப்போதே அனுப்புவதாகவும் சொன்னார். பிறகு ஒரு கியூஆர் கோடு வந்தது. அதை ஸ்கேன் செய்து பின் எண்ணை அழுத்தினால் பணம் எனக்கு வருமாம். யுபிஐயில் பணம் வாங்குவதற்குப் பின் எண்ணே தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் வேண்டும். வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் தருகிறேன் என்பவர் தண்ணீர் எப்படி என்றுகூடக் கேட்க மாட்டார். எங்கள் பக்கத்தில் போர் தண்ணீர் உப்பா, நல்ல தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு முறை என்று கேட்காத குடித்தனக்காரரை நான் கண்டதில்லை.

வாட்ஸ்அப் இணைப்பு எண்ணை மறைக்கும் என்று மருமகன் நினைத்திருந்தான். மறைக்காது. அந்த இணைப்பே இப்படித்தான் இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

91-க்குப் பின் இருப்பது முழு எண்தான். அதோடு நம் முகப்புப் படமும் போகும்; என்னுடையதில் பேத்தி இருந்தாள். அதனால் தனியாக ஒரு சிம் வாங்கி, முகப்பில் கட்டடத்தின் படத்தை வைத்தோம். இந்த வழியின் நன்மை, பேச்சு எழுத்தில் நிற்கும். நேரம் கெட்ட நேரத்தில் மணி அடிக்காது. தொல்லை, "வீடு இருக்கிறதுங்களா?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்கள்.

படிவத்தில் நான்கே கேள்விகள் வைத்தோம்: எத்தனை பேர், எங்கே வேலை, எப்போது குடிவர வேண்டும், திருப்பி அழைக்க எண். ஆதார் கேட்கவில்லை, வீட்டைப் பார்க்காதவரிடம் அதை வாங்கி வைத்துக்கொள்வது நமக்குத்தான் பாரம். மூன்று வாரத்தில் பதினொரு பேர்தான் நிரப்பினார்கள். ஆனால் அதில் ஏழு பேர் நேரில் வந்தார்கள், வாடகை 9,000 என்று படித்துவிட்டே வந்தார்கள். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் என்று எழுதியிருந்ததைப் பார்த்து வந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே மீட்டரைப் பல குடித்தனங்கள் பங்கிட்டுக்கொள்ளும் இடத்தில் அந்தச் சலுகை சிதறிப்போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அட்வான்ஸ் எவ்வளவு என்று எழுதும்போது ஒரு சிறு சண்டை. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. எழுத்தில் ஒப்பந்தமும் வேண்டும் என்கிறது. வீட்டுக்கு மூன்று மாதம் என்றே போட்டோம்.

கடைக்குப் படிவம் வேலைக்கே ஆகவில்லை. ஒருவர்கூட நிரப்பவில்லை. கடை தேடுபவர் வண்டியை நிறுத்திவிட்டு, ஷட்டர் எத்தனை அடி, லாரி வந்து நிற்குமா என்று உடனே கேட்கிற ஆள். ஆகவே கடைக்கு அந்தத் தனி சிம்மின் எண்ணைத் திறந்தே போட்டோம். வீட்டுக்குப் படிவத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். என் முடிவு இதுதான், மருமகன் இன்னும் வாட்ஸ்அப் கட்சி.

எண்ணை மறைத்துவிட்டுப் படத்தில் கோட்டைவிடுவதும் உண்டு. கைபேசியில் இருப்பிடப் பதிவு இயங்கினால் எடுக்கும் படத்துக்குள்ளேயே இடக் குறிப்பு ஏறிவிடும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பி எடுத்தால் அது போய்விடும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே இருக்கும். வாசல் படத்தில் கதவு எண்ணும் மின் இணைப்பு எண்ணும் தெரிந்தன, இரண்டையும் வெட்டினோம். படங்களைத் திருடி, அதே வீட்டைக் குறைந்த வாடகைக்கு வேறிடத்தில் போட்டு முன்பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்காக ஒவ்வொரு படத்தின் நடுவிலும் பக்கத்தின் பெயரை மங்கலாக எழுதினோம். ஓரத்தில் எழுதினால் வெட்டிவிடுவார்கள்.

வீடு முதலில் போனது, கடை பிறகு. வீடு போன அன்றே படிவத்தை மூடினோம், அதோடு சரி. கடைக்கு எண்ணை நீக்கிய பிறகும் தரகர்கள் எங்கோ எழுதி வைத்துக்கொண்டு அழைத்தார்கள். அந்தத் தனி சிம் இப்போது பழைய கைபேசியில், மேசை இழுப்பறைக்குள் கிடக்கிறது.