சுங்கை சிப்புட்டில் கைப்பையில் இருந்த ஒரு தாள்

மெல்போர்னிலிருந்து ஊருக்குப் போகும்போது என் வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஆளுக்கொரு அவசரத் தகவல் தாள் எழுதி, கடப்பிதழோடு கைப்பையில் வைத்துக்கொள்வது வழக்கம். இந்த முறை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அவருடைய தாள் உண்மையிலேயே வேலைக்கு வந்தது. அதில் எந்த வரியைப் படித்தார்கள், எதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டார்கள் என்று நேரில் கண்டதால் எழுதுகிறேன். ஊரில் சொந்தம் இருக்கிறது, தேவைப்பட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு போகிறவர்கள் நம்மில் நிறையப் பேர்.

தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போன இடத்தில், வெட்டிப் போட்டிருந்த செம்பனை மட்டையின் முள் செருப்பைத் தாண்டி அவர் காலில் ஏறிவிட்டது. சித்தப்பா வீட்டில் முள்ளை எடுத்துக் கழுவி மருந்து போட்டோம். மறுநாள் சாயந்தரம் பாதம் சிவந்து வீங்கி, சிவப்பு கணுக்காலுக்கு மேலே ஏறத் தொடங்கியது. காய்ச்சலும் குளிரும் சேர்ந்துகொண்டன. அவருக்குச் சர்க்கரை வேறு உண்டு. தாமதிக்காமல் காரில் ஏற்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அவசரப் பிரிவில் முதலில் பார்த்த, எம்.ஏ. எனப்படும் மருத்துவ உதவியாளர் தாளை வாங்கி, நேராக ஒவ்வாமை வரிக்குப் போனார். 'பென்சிலின் அலர்ஜி' என்று மட்டும் எழுதியிருந்தால் அங்கே கேள்விமேல் கேள்வி வந்திருக்கும். பின்னால் வந்த டாக்டரும் அதைத்தான் சொன்னார்: மாத்திரை சாப்பிட்டு வயிறு புரட்டியதைக்கூட அலர்ஜி என்று சொல்கிறவர்கள் உண்டாம். எங்கள் தாளில் இப்படி இருந்தது: 'பென்சிலின் குடும்பம் முழுவதும். அமாக்சிசிலின் மாத்திரை, 2011. கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல். அட்ரினலின் ஊசி போட்டார்கள்.' மருந்தின் பெயர், என்ன ஆனது, எவ்வளவு நேரத்தில், என்ன சிகிச்சை என்ற நான்கும் இருந்ததால், அது வெறும் பக்கவிளைவா உயிருக்கு ஆபத்தானதா என்று டாக்டர் கேட்காமலே புரிந்துகொண்டார்.

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், இப்படித் தோலில் கிருமி பரவும் வீக்கத்துக்கு அங்கே வழக்கமாக ஏற்றும் மருந்து குளோக்சாசிலின். அதுவும் பென்சிலின் வகைதான். ஆனால் மருந்துப் புட்டியில் பென்சிலின் என்ற பெயர் இருக்காது. பக்கத்தில் நிற்கும் குடும்பத்தாருக்கு, அதைப் பார்த்துத் தடுக்கத் தெரியாது. டாக்டர் கிளிண்டமைசினுக்கு மாற்றினார். கை மணிக்கட்டில் ஒரு சிவப்பு வளையமும், படுக்கைச் சீட்டில் பெரிதாக ஒவ்வாமைக் குறிப்பும் வந்துவிட்டன.

மருந்துப் பெயர்களையும் மூலப்பெயரிலேயே எழுதியிருந்தோம். ஆஸ்திரேலியாவில் கடைப்பெயர் ஒன்று, மலேசியாவில் இன்னொன்று. மெட்ஃபார்மின் இவ்வளவு மில்லிகிராம், காலையும் இரவும் என்று இருந்தால் எந்த நாட்டு மருந்தாளரும் படித்துக்கொள்வார்.

இரத்த வகை வரியை யாரும் பொருட்படுத்தவில்லை. நான் கேட்டதற்கு, தமிழ்ப் பெண்ணான ஸ்டாஃப் நர்ஸ் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அக்கா, நீங்க எழுதியிருந்தாலும் நாங்க ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்த்துட்டுத்தான் ஏத்துவோம். தாளை நம்பி யாருக்கும் ஏத்த மாட்டோம்." வகையைச் சோதித்து, கொடுக்கப்போகும் இரத்தத்தோடு பொருத்திப் பார்த்த பிறகே ஏற்றுவார்கள். அதற்கும் நேரமில்லாத நெருக்கடியில் ஓ வகை. ஆனால் ஆர்எச் நெகட்டிவ் உள்ளவர்கள் அந்த வரியை அவசியம் பெரிதாக எழுத வேண்டும். மலாய்க்காரர், சீனர்களிடையே அது மிக அரிது, நம்மவர்களிடம் கொஞ்சம் கூடுதல் என்றாலும் குறைவுதான். சின்ன ஊரில் கையிருப்பு இருக்காது, ஈப்போவிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். முன்கூட்டியே தெரிந்தால் அந்த ஏற்பாட்டைச் சீக்கிரம் தொடங்கலாம். இரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இரத்த வகைக்கு மேலேயே அதை எழுதிவிடுங்கள்.

தொடர்புக்கு இரண்டு பேர். கூடவே பயணம் செய்யும் மனைவியின் எண் மட்டும் இருந்தால், இருவரும் ஒரே காரில் இருக்கும்போது என்ன ஆவது? அதனால் ஊரில் இருக்கும், மலாய் நன்றாகப் பேசும் சித்தப்பா மகன் ஒருவர்; மெல்போர்னில் எங்கள் மகள் ஒருவர். உறவுமுறை, நாட்டுக் குறியீட்டோடு எண். பதிவு முகப்பில் நெருங்கிய உறவினர் யார் என்று கேட்டபோது தம்பி வந்து நின்று மற்றதையெல்லாம் பேசிக்கொண்டார்.

அந்த முகப்பில்தான் பெயர்ச் சிக்கல் வந்தது. தம்பி பழக்கத்தில் மலேசிய முறைப்படி, இடையில் மகன் என்று பொருள்படும் 'அனாக் லெலாக்கி' வைத்துப் பெயரைச் சொன்னார். ஆஸ்திரேலியக் கடப்பிதழில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி முன்னால் நிற்கிறது. காப்புறுதிச் சான்றிதழிலும் அப்படித்தான். ரசீது ஒரு பெயரிலும் சான்றிதழ் வேறு பெயரிலும் இருந்தால் பணம் கேட்கும்போது இழுபறி. நல்லவேளை, தாளின் முதல் வரியே கடப்பிதழில் உள்ளபடி எழுதியது. அதைப் பார்த்தே பதிந்தார்கள்.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். மலேசியாவில் பிறந்து வளர்ந்தவராக இருந்தாலும், குடியுரிமையை விட்டவர் ஆஸ்பத்திரிக் கணக்கில் வெளிநாட்டவர்தான். 2014 கட்டண ஆணையின்படி வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், வார்டில் சேர்க்கும்போது முன்பணமும் கட்ட வேண்டும். காப்புறுதி நிறுவனத்தின் உத்தரவாதக் கடிதம் எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் கையிலிருந்து கட்டிவிட்டுப் பிறகுதான் கேட்டோம். ஆனாலும் சேர்த்த அன்றே நிறுவனத்துக்குச் சொல்லியாக வேண்டும். சான்றிதழ் அட்டையில் அச்சிட்டிருந்த 1300 எண் வெளிநாட்டிலிருந்து போகவில்லை. கிளம்புமுன் தேடி எழுதி வைத்திருந்த +61 என்று தொடங்கும் அவசர உதவி எண்தான் எடுத்தது. அவர்கள் கேட்டது: சான்றிதழ் எண், பிறந்த தேதி, மெல்போர்னிலிருந்து கிளம்பிய தேதி, ஆஸ்பத்திரி பெயர், அப்புறம் சர்க்கரை நோயை முன்பே தெரிவித்து ஏற்றுக்கொண்ட குறிப்பு எண். இந்தக் கடைசி எண் தாளில் இல்லாவிட்டால், 'முன்பே இருந்த நோய்' என்று அங்கேயே நின்றிருக்கும்.

வீடு திரும்பும்போது வரிவாரியான பில்லும் ரசீதும் வாங்கினோம். மருத்துவ அறிக்கைக்குத் தனியாக மனுப் போட்டுப் பணம் கட்ட வேண்டும், அது உடனே கிடைக்காது. தம்பி பெயரில் அனுமதிக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அவர் வாங்கி ஸ்கேன் செய்து அனுப்பினார்.

தாளைக் கைப்பேசியில் வைத்தால் போதாதா என்று மகள் கேட்டாள். அதுவும் இருக்கட்டும். ஆனால் அன்று எம்.ஏ. தாளை எடுத்து நகல் போட்டு என் வீட்டுக்காரரின் கோப்பில் குத்திக்கொண்டார். பூட்டிய கைப்பேசியை யாரும் அப்படிக் குத்த முடியாது. பெரிய எழுத்தில் ஒரு பக்கம், மேலே எழுதிய தேதி, பிளாஸ்டிக் உறை. பயணப்பெட்டியில் போட்டால் அது சித்தப்பா வீட்டு அலமாரியிலேயே இருந்திருக்கும். கடன் அட்டை எண் போன்றவை மட்டும் அதில் வேண்டாம், நிறையக் கை மாறும்.

இப்போது அவருடைய தாளில் இரண்டு வரி கூடியிருக்கிறது. காயம் என்றாலே கேட்கிறார்கள் என்பதால், கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட மாதமும் ஆண்டும். ஒவ்வாமை வரிக்குக் கீழே, ஒத்துக்கொண்ட மருந்து: 'கிளிண்டமைசின், ஊசியும் மாத்திரையும், ஒவ்வாமை எதுவும் வரவில்லை.'