காலண்டர் குறிப்பை டைப் செய்யக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: மொத்தம் சரி, தேதி தப்பு

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு டிடிபி கடை. டீக்கடையின் தண்ணீர் கேன் கணக்கு எழுதியிருந்த 2025 மார்ச் காலண்டர் தாளை போட்டோ எடுத்து, தேதிவாரியாக டைப் செய்யக் கொடுத்தோம். வந்த லிஸ்டில் 30, 31 தேதிகளே இல்லை.

அந்த மாதம் சனிக்கிழமை பிறந்தது. 30 ஞாயிறு, 31 திங்கள். ஆறாவது வரிசைக்குத் தாளில் இடம் இல்லாததால், இரண்டையும் முதல் வரிசையில் காலியாக இருந்த கட்டங்களில் அச்சிட்டிருந்தார்கள். நம்ம ஊர் மாத காலண்டர்களில் இது வழக்கம்தான். போட்டோவில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு மேல் வரிசையின் பெரிய எண்கள் வெளுத்துவிட்டன. மூலையில் இருந்த சின்ன எண்கள் மட்டும் தெரிந்தன: 16, 17. அவை பங்குனித் தேதிகள். டைப் செய்தவர் அவற்றையே மார்ச் தேதி என்று எடுத்துக்கொண்டார்.

கிழமையை வைத்துப் பார்த்தாலும் இந்தத் தப்பு தெரியாது. அந்த ஆண்டு பங்குனி 1, மார்ச் 15-இல் வந்தது. வித்தியாசம் சரியாக 14 நாள், அதாவது இரண்டு வாரம். அதனால் மார்ச் 17-உம் திங்கள், 31-உம் திங்கள். 30-ஆம் தேதியின் 4 கேன் 16-இலும், 31-இன் 6 கேன் 17-இலும் சேர்ந்துகொண்டன. கூட்டுத்தொகை மாறவே இல்லை. ஆனால் 20-ஆம் தேதி முதல் கேன் விலை 35-இலிருந்து 40 ஆகியிருந்தது. 10 கேனுக்கு 50 ரூபாய் குறைந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. அந்தக் கட்டத்தில் 'ரம்ஜான்' என்று அச்சாகியிருந்ததையாவது பார்த்திருக்கலாம். மார்ச் 17-இல் ரம்ஜான் வராதே!

10 முதல் 13 வரை ஒரே அம்புக்குறி போட்டு 'லீவு' என்று எழுதியிருந்தது. லிஸ்டில் 10-இல் மட்டும் லீவு, மற்ற மூன்று நாளும் வெற்று. கேன் வாங்கவில்லையா, குறிக்க மறந்ததா என்று பிறகு எப்படிச் சொல்வது?

கேட்டதற்கு, "மொத்தம் டேலி ஆகுதே, அப்புறம் என்ன?" என்றார்கள். திருத்தித் தரவில்லை, வாங்கிய 60 ரூபாயையும் திருப்பவில்லை.

கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: முதலில் 1 முதல் 31 வரை வரிசை போட்டுவிட்டு, அப்புறம்தான் கட்டங்களைப் பார்த்து நிரப்ப வேண்டும். ஒன்றும் எழுதாத நாளுக்கு 'காலி', படிக்க முடியாததற்கு 'தெளிவில்லை'. அம்புக்குறி போகும் ஒவ்வொரு நாளுக்கும் தனி வரி. தேதியின் பக்கத்தில் தமிழ்த் தேதிக்கும் ஒரு பத்தி கேளுங்கள். கட்டத்திலுள்ள இரண்டு எண்ணையும் டைப் செய்தாக வேண்டும் என்றால், ஒன்றை மற்றொன்றாக எடுக்க வழியில்லை.

தாளை ஆணியிலிருந்து கழற்றி, பகல் வெளிச்சத்தில் தரையில் விரித்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சின்ன எண்கள் மங்கும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். பணம் கொடுக்கும் முன் அங்கேயே கடைசி இரண்டு தேதிகளைத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.