அப்பாவுக்காகக் கூடிப் பேசியதை ஒரு தாளில் எழுதினோம்

இந்த முறை டொராண்டோவிலிருந்து தஞ்சாவூர் போனது ஊர் சுற்ற இல்லை. அப்பாவுக்கு நுரையீரல் புற்று, கீமோவை நிறுத்தியாயிற்று. நோய் ஆதரவு சிகிச்சை டாக்டரும் நர்ஸும் வீட்டுக்கே வந்து எங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். அப்பாவிடமும் டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்தேன், 50 நிமிடம்.

அன்று ராத்திரியே அதைக் கேட்டு, முடிவானவை, கவலைகள், யார் என்ன செய்வது என்று மூன்றாகப் பிரித்து எழுதினேன். பெரிய வேலை முடிந்தது என்று நினைத்தேன், மறுநாள் தங்கை பதிவைத் திரும்பக் கேட்டபோதுதான் ஓட்டைகள் தெரிந்தன.

"வென்டிலேட்டர் வேண்டாம்" என்று முடிவானவற்றில் எழுதியிருந்தேன். பதிவில் அதைச் சொன்னது தம்பி. அப்பா சொன்னது "ஆஸ்பத்திரி வேணாம், வீட்லயே இருந்துடறேன்" என்பது மட்டும், அம்மா வாயே திறக்கவில்லை. பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று நானாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்! அந்த வரியைக் கவலைகளுக்கு மாற்றி, பக்கத்தில் 'அப்பாவிடம் டாக்டர் நேராகக் கேட்க வேண்டும்' என்று எழுதினோம். அம்மாவின் கவலை வேறு: சாப்பாடு இறங்காவிட்டால் மூக்கில் குழாய் போடுவார்களா, போடாவிட்டால் பட்டினி போட்ட பாவமா. கடைசி நாட்களில் பசியே குறைந்துவிடும், திணித்தால் புரையேறும் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார், அம்மாவும் "சரி, பார்க்கலாம்" என்றார். நம் வீடுகளில் "பார்க்கலாம்" என்றால் சரி என்று அர்த்தமில்லையே. அதனால் அதுவும் முடிவாகாத கவலையாகவே நின்றது.

மார்ஃபின் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டியிருந்தது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திரை, படுக்கும்போது மட்டும் இரண்டு பங்கு, அப்போதுதான் நடு ராத்திரியில் எழுப்ப வேண்டாம். பதிவில் இது "ராத்திரி ரெண்டு" என்று மட்டும் கேட்கிறது. மணி இரண்டா, மாத்திரை இரண்டா? அளவுகளை அழித்துவிட்டு மருந்துச் சீட்டைப் பார்த்து எழுதினேன். அதோடு தினமும் கொடுக்க வேண்டிய மலமிளக்கி என் தாளில் இல்லவே இல்லை. மார்ஃபின் எடுத்தால் மலச்சிக்கல் வந்தே தீரும் என்று நர்ஸ் அவ்வளவு சொல்லியும்.

"நாங்க பாத்துக்கறோம்" என்று பதிவில் நாலு இடத்தில் வருகிறது, எந்த நாங்கள்? படுக்கைநேர மாத்திரை தம்பி, மாத்திரை தீருவதற்கு ஐந்து நாள் முன்னால் போய் வாங்குவது தங்கை, வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனில் பேசுவது நான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரே பெயர்தான்.

தாளை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "திண்ணைய எழுதலியா?" என்றார். சாயங்காலம் திண்ணையில் உட்கார வேண்டும் என்று பத்தாவது நிமிடத்தில் சொல்லியிருக்கிறார், ஏதோ பேச்சோடு பேச்சு என்று விட்டுவிட்டேன். முடிவானவற்றில் முதல் வரியாக அதை எழுதி நர்ஸுக்கு அனுப்பினேன். அவர் கீழே ஒரு வரி சேர்த்தார்: தூக்கி உட்கார வைப்பதற்கு அரை மணி முன்னால், வலிக்கென்று எழுதிக் கொடுத்திருக்கும் கூடுதல் மாத்திரை, கொடுப்பது தம்பி.