எட்டு ஜிபி, நாலு கோர் என்று விற்கிறார்கள். ராத்திரி எட்டு மணிக்கு அதில் பாதிதான் வருகிறது

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், பாலக்கோடு என்று மூன்று ஊரில் இருக்கும் ஆறு நண்பர்கள் சேர்ந்து மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் ஒன்று வைக்க, ஆன்லைனில் ஒருவரிடம் மாதம் 650 ரூபாய்க்கு கிளவுட் மெஷின் எடுத்தோம். 4 கோர், 8 ஜிபி ரேம், மும்பை. மூன்று மாதத்துக்கு 1,950 ரூபாயை மொத்தமாகக் கேட்டார். அதுவும் ஒரு தனிநபரின் யுபிஐ ஐடிக்கு. பில் கிடையாது. இதே மாதிரி விளம்பரம் உங்கள் கண்ணிலும் படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

பகலில் ஒரு குறையும் இல்லை. ராத்திரி எட்டிலிருந்து பதினொன்று வரைக்கும் உடைத்த கட்டை திரும்ப முளைக்கும், கதவு இரண்டு செகண்ட் கழித்துத் திறக்கும். சர்வர் லாகில் இந்த வரி வந்துகொண்டே இருந்தது:

```
Can't keep up! Is the server overloaded?
```

விற்றவர் சொன்ன முதல் பதில், "பிங் 38 தானே இருக்கு, மெஷின் நல்லாத்தான் இருக்கு, உங்க நெட்டைப் பாருங்க." இதை நம்பிவிடாதீர்கள். பிங்குக்குப் பதில் சொல்ல மெஷினுக்குத் துளி நேரம் போதும். கேம் சர்வர் அப்படியில்லை. ஆட்டத்தின் உலகத்தை அது செகண்டுக்கு 20 தடவை நகர்த்த வேண்டும், ஒரு தடவை நகர்த்துவது ஒரு டிக். அதாவது ஒவ்வொரு டிக் வேலையையும் 50 மில்லிசெகண்டுக்குள் முடித்தாக வேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கு ஒரே கோரில்தான் ஓடும். நாலு கோர் இருப்பதால் நாலு மடங்கு வேகம் வந்துவிடாது.

அடுத்து, "16 ஜிபிக்கு மாறுங்க" என்றார். மேலும் 500 ரூபாய் போனது, பலன் பூஜ்யம். `free -h` அடித்துப் பார்த்திருந்தால் 8 ஜிபியிலேயே 3 ஜிபி சும்மா கிடந்தது தெரிந்திருக்கும். பற்றாக்குறை ரேமில் இல்லை.

உண்மை தெரிந்தது `top` கமாண்டில். அதைத் திறந்ததும் `st` என்ற இடத்தில் 11 என்று காட்டியது. விற்றவர் "பத்து, பதினொன்னு எல்லாம் நார்மல்" என்றார். ஆனால் அது நாலு கோருக்கும் சேர்த்த சராசரி. `top` ஓடும்போதே 1 என்ற எண்ணை அழுத்தினால் கோர் கோராகப் பிரித்துக் காட்டும்:

```
%Cpu0 :  3.0 us,  1.0 sy, 95.0 id,  1.0 st
%Cpu1 : 54.2 us,  4.4 sy,  0.0 id, 41.4 st
```

(இடையில் பூஜ்யமாக இருந்தவற்றை விட்டிருக்கிறேன்.) கேம் ஓடும் கோரில் 41! `st` என்பது நம் மெஷின் வேலை செய்யத் தயாராக நின்றும், நிஜ ப்ராசசர் வேறொரு வாடிக்கையாளருக்குப் போய்விட்ட நேரம். பங்குக் கிணறு மாதிரிதான். மோட்டார் நம்முடையதே ஆனாலும் முறை வந்தால்தான் தண்ணீர். ஒரு கிணற்றை நாலு பேருக்கு விற்றால் சமாளிக்கலாம். இவர் எத்தனை பேருக்கு விற்றாரோ, எல்லாரும் விளையாட வருவது ராத்திரி எட்டு மணிக்குத்தான். 35 மில்லிசெகண்டில் முடிய வேண்டிய டிக் 60 ஆகிறது, 20 டிக் 16, 17 ஆகிறது. இதுவும் சீராக நடக்காமல் திட்டுத் திட்டாக வருவதால் ஆட்டத்தில் இன்னும் மோசமாகத் தெரியும்.

ஒன்று இரண்டு சதவீதம் வந்துபோவதில் தப்பில்லை, விலை குறைந்த பொது மெஷினில் அது இருக்கும். `us` என்பது நம் புரோகிராமே வேலை செய்த நேரம். `st` பூஜ்யமாக இருந்து `us` மட்டும் 95ஐத் தாண்டினால் குறை நம் பக்கம்: மோட் அதிகம், அல்லது வியூ டிஸ்டன்ஸ் அதிகம். அதற்கு விற்றவரைத் திட்டுவது நியாயமில்லை.

இன்னொரு இழப்பையும் சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டோடு பணத்தைத் திருப்பிக் கேட்ட அன்றைக்கே மெஷினை முடக்கிவிட்டார். கையில் இருந்தது ஞாயிற்றுக்கிழமை பேக்கப். நாலு நாள் கட்டியது போயிற்று. வாக்குவாதத்துக்கு முன்னால் வேர்ல்டை இறக்கிவிடுங்கள். சர்வர் கன்சோலில் `stop` கொடுத்து, அது முழுசாக நின்றபின், சர்வர் ஃபோல்டரில்:

```
tar czf ~/backup.tar.gz world*
```

பிறகு வீட்டுக் கம்ப்யூட்டரில் `scp` கொண்டு அந்த ஃபைலை இழுத்துக்கொள்ளலாம்.

புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் இல்லாததால் கடை யாருடையது என்று காட்டவே சிரமப்பட வேண்டியிருக்கிறது. நாமே பின் நம்பர் போட்டு அனுப்பிய யுபிஐ பணத்தை பேங்க் தானாகத் திருப்பி எடுத்துத் தராது.

அடுத்த முறை மணிக்கணக்கில் வாடகை வாங்கும் இடத்தில் எடுங்கள். உங்கள் வேர்ல்டையே ஏற்றி, ஆறு பேரும் ராத்திரி ஒன்பது மணிக்கு உள்ளே இருக்கும்போது ஒரு மணி நேரம் இதை ஓட விடுங்கள்:

```
sudo apt install sysstat
mpstat -P ALL 1 3600 > st.txt
```

`top` காட்டிய `st`தான் இந்த ஃபைலில் `%steal` என்ற பத்தி, அதைக் கோர்வாரியாகப் பாருங்கள். எந்தக் கோரிலாவது ஐந்துக்கு மேல் அடிக்கடி நின்றால் அந்த மெஷினை அன்றே அழித்துவிட்டு வேறு எடுங்கள், ஒரு மணி நேர வாடகையோடு போகும். இரண்டு ராத்திரி சுத்தமாக வந்த பிறகு மாதக் கட்டணத்துக்கு மாறினால் போதும்.