ரேடியேட்டருக்கு போர் தண்ணீரா, கூலன்டா?

வேளச்சேரியில் எங்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு வருடம் காரில் ஊற்றி வந்தேன். கத்திப்பாரா நெரிசலில் வெப்பமுள் மேலே ஏற ஆரம்பித்ததும்தான் மெக்கானிக் ரேடியேட்டரைக் கழற்றினார். கெட்டிலின் அடியில் படிவதைப் போன்ற வெள்ளைப் படிவு, குழாய்களைப் பாதி அடைத்திருந்தது. கடின நீரில் உள்ள கால்சியம் சூட்டில் பிரிந்து இப்படி ஒட்டிக்கொள்கிறது. படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது.

அப்படியானால் பேட்டரி தண்ணீர் ஊற்றலாமே என்பார்கள். அதில் படிவு வராது, சரி. வெப்பத்தைச் சுமப்பதில் வெறும் தண்ணீர் கூலன்டைவிடக் கொஞ்சம் மேல் என்பதும் உண்மை. ஆனால் அரிப்பைத் தடுக்க அதில் ஒன்றுமில்லை. இரும்பு துருப்பிடிக்கும், அலுமினிய ஹெட் அரிக்கும். தண்ணீர் செம்மண் நிறமானால் துரு தொடங்கிவிட்டது.

கொதிநிலையில் வித்தியாசம் பலர் நினைப்பதைவிடச் சின்னது. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே சுமார் 120 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் போனால் அந்த லாபம் போய்விடும்.

சென்னையில் தண்ணீர் உறையும் அளவுக்குக் குளிராது என்றாலும் நான் கூலன்ட் பக்கம்தான், அரிப்புத் தடுப்புக்காக. அடர் கூலன்ட் வாங்கினால் பேட்டரி தண்ணீரில் கலக்குங்கள். போர் தண்ணீரில் கலந்தால் பழைய கதைதான்.